அப்பாவின் சளி நிறம் மாறிய நான்காம் நாள்

பதினொரு ஆண்டுகளாக மான்செஸ்டரில் நுரையீரல் வார்டில் தாதியாக இருக்கிறேன். இந்த நவம்பரில் மூன்று வாரம் சிங்கப்பூர் வந்தேன். தேக்காவும் உறவினர் வீடுகளும் எப்போதும் போலத்தான். நான் எழுத வந்தது வேறொன்று. அப்பாவை ஐந்து நாளில் இரண்டு முறை டாக்டரிடம் கூட்டிப்போன கதை.

அப்பாவுக்கு வயது 74. கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். சிகரெட்டை விட்டு ஒன்பது ஆண்டாகிறது. ஆனாலும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சிஓபிடி, தங்கிவிட்டது. நல்ல நாளில் ஈரச்சந்தை வரை நடப்பார், வழியில் ஒரு முறை நிற்பார். காலையில் ஒரு தேக்கரண்டி வெள்ளைச் சளி வரும். இந்த 'நல்ல நாள்' கணக்குதான் பிறகு எல்லாவற்றையும் தீர்மானித்தது.

நான் வந்து ஆறாம் நாள் மழை. அன்று காலை மின்தூக்கியிலிருந்து வீட்டுக் கதவுக்கு வருவதற்குள் மூன்று முறை நின்றார். விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவி 91 காட்டியது, வழக்கமாக 94. காய்ச்சல் இல்லை. சளி கொஞ்சம் கூடியிருந்தது, நிறம் மட்டும் அதே வெள்ளை.

அம்மா உடனே பக்கத்து கிளினிக்குக்குக் கிளம்பச் சொன்னார். நாம் எல்லோரும் வளர்ந்த வழக்கம் அது: ஐந்து நிமிடம் பார்ப்பார்கள், இருமல் மருந்து, ஒரு பொட்டலம் ஆன்டிபயாடிக், வீட்டுக்கு. நான் பிடிவாதமாகப் பலதுறை மருந்தகத்துக்கு, அதாவது அரசாங்கப் பாலிகிளினிக்குக்கு, கூட்டிப் போனேன். இரண்டே கால் மணி நேரம் காத்திருந்தோம். எண் திரையில் வரும்வரை அப்பா முன்பக்கம் சாய்ந்து, முழங்காலில் கையூன்றி உட்கார்ந்திருந்தார். அந்தக் காத்திருப்பில் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

உள்ளே இருந்தவர் இளம் தமிழ் டாக்டர். "அங்கிள், இந்த டிஷ்யூல துப்பிக் காட்டுங்க" என்று வாங்கி, ஜன்னல் பக்கம் எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்தார். மஞ்சள் விளக்கில் வெள்ளைச் சளியும் மஞ்சளாகத் தெரியும், அதனால்தான். பிறகு மூன்று கேள்விகள். மூச்சுத்திணறல் வழக்கத்தை விடக் கூடியிருக்கிறதா? சளியின் அளவு கூடியிருக்கிறதா? நிறம் மாறி, கெட்டியாகி, சீழ் போல ஆகியிருக்கிறதா? எக்ஸ்ரேயும் எடுத்து நிமோனியா இல்லை என்று உறுதி செய்துகொண்டார்.

முதல் இரண்டுக்கும் ஆம், மூன்றாவதுக்கு இல்லை. "அப்ப ஆன்டிபயாடிக் வேண்டாம்" என்றார். அம்மாவின் முகம் சுருங்கியது. எனக்கோ அந்தப் பையன் மேல் மரியாதை வந்தது.

இந்த மூன்று கேள்விகளும் 1987-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் நடந்த ஆய்வில் வேரூன்றியவை. மூன்று அறிகுறியும் கூடியவர்களில் ஆன்டிபயாடிக் எடுத்தோரில் நூற்றுக்கு 63 பேர் தேறினார்கள், மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தோரில் 43 பேர். ஒரே ஒரு அறிகுறி இருந்தவர்களிடம் அது 74, 70. வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். இப்போது டாக்டர்கள் பொதுவாகப் பின்பற்றும் விதி இது: மூன்றும் இருந்தால் கொடு, இரண்டு இருந்தால், அதில் ஒன்று நிற மாற்றமாக இருக்க வேண்டும். செயற்கைச் சுவாசம் தேவைப்படும் அளவுக்கு முற்றியவர்களுக்கு இந்தக் கணக்குப் பார்ப்பதில்லை, கொடுத்துவிடுவார்கள்.

நிறத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? கிருமியோடு சண்டை போட வரும் வெள்ளை அணுக்களில் பச்சை நிறமுள்ள ஒரு நொதி இருக்கிறது. அவை கூட்டமாக வந்து சேரும்போது சளி மஞ்சளாகி, பச்சையாகும். பாக்டீரியா பெருகியிருக்கும்போது இது அதிகம் நடக்கும். முழு நிரூபணம் இல்லை, வைரஸிலும் நிறம் மாறலாம். சிலருக்கு ஆண்டு முழுவதும் மஞ்சள்தான். அவர்களிடம் மாற்றத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, அன்று கொடுத்தது என்ன? பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 40 மில்லிகிராம், அதாவது 5 மில்லிகிராம் மாத்திரை எட்டு, காலை சாப்பாட்டுக்குப் பின், ஐந்து நாள். 14 நாள் கொடுப்பதை விட ஐந்து நாள் குறைவில்லை என்று 2013-இல் சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்று காட்டிவிட்டது. அப்புறம் திணறலை உடனே தணிக்கும் நீல இன்ஹேலர், ஸ்பேசர் குழாயோடு நான்கு முறை அடித்து, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம். அப்பா ஸ்பேசர் இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தார், பாதி மருந்து தொண்டையிலேயே நின்றிருக்கும். தினமும் போடும் நீண்டநேர இன்ஹேலரை நிறுத்த வேண்டாம். அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால், ஸ்டீராய்டு எடுக்கும் நாள்களில் மாலையில் சர்க்கரை பார்க்கச் சொன்னார். மூன்றாம் நாள் மாலை 14.2 மில்லிமோலுக்கு ஏறியது. சொல்லி வைத்திராவிட்டால் பதறியிருப்போம்.

கிளம்பும்போது டாக்டர் சொன்னார்: "நிறம் மாறினா உடனே திரும்ப வாங்க. பேச முடியாம திணறினாலோ, குழப்பமா பேசினாலோ, உதடு நீலமானாலோ இங்க வராதீங்க, 995-க்கு ஃபோன் பண்ணி ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க."

மூன்றாம் நாள் மூச்சு கொஞ்சம் லேசானது. நான்காம் நாள் காலை அப்பா என்னைக் குளியலறைக்குக் கூப்பிட்டார். "பாரும்மா." பச்சை. கெட்டி. அளவும் இரண்டு மடங்கு. கட்டிலிலிருந்து எழுவதற்கே மூச்சு வாங்கியது. இப்போது மூன்றுக்கும் ஆம்.

இங்கேதான் எரிச்சல். இதற்குள் தெரிந்துவிட்ட ஒரு முடிவுக்காக மறுபடி எண், மறுபடி வரிசை, மறுபடி இரண்டு மணி நேரம். மான்செஸ்டரில் என் நோயாளிகள் பலரின் இழுப்பறையில் ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் முன்கூட்டியே இருக்கும். நிறம் மாறியதும் எடுத்துக்கொண்டு எங்களுக்கு ஃபோன் செய்வார்கள். திணறும் மனிதரை மழையில் வெளியே இழுக்க வேண்டாம். இதை வரிசையில் உட்கார்ந்தபடி அம்மாவிடம் சொல்லித் தீர்த்தேன்.

ஆனால் அதே இழுப்பறையின் கெடுதலையும் நான் பார்த்திருக்கிறேன். படியேறி மூச்சு வாங்கியதற்கே இரண்டையும் விழுங்கி, ஆண்டுக்கு ஆறேழு முறை எடுத்து, கடைசியில் எந்த மருந்தும் கேட்காத கிருமியோடு வார்டுக்கு வந்தவர்கள் உண்டு. முதல் நாளே வீட்டில் அந்தப் பொட்டலம் இருந்திருந்தால், அம்மா வெள்ளைச் சளிக்கே அதைக் கொடுத்திருப்பார்.

அதே டாக்டர்தான் இருந்தார். டிஷ்யூவை மறுபடி ஜன்னலில் பார்த்தார். இந்த முறை ஆன்டிபயாடிக் எழுதினார்: டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, ஐந்து நாள். நிறையத் தண்ணீரோடு, நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது, உணவுக்குழாய் புண்ணாகும். அப்பா போடும் கால்சியம் மாத்திரையைச் சில மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். ஸ்டீராய்டை நீட்டவில்லை.

மூன்று நாளில் பச்சை மஞ்சளானது, ஆறாம் நாள் வெள்ளை. கருவியில் 94. நான் விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் சந்தைக்குப் போய் வந்தோம், வழியில் ஒரு முறைதான் நின்றார்.

குளிர்பதனப் பெட்டியின் கதவில் மூன்று கேள்விகளையும் தமிழில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். இப்போது அப்பா எழுந்ததும் டிஷ்யூவை ஜன்னல் ஓரம் வைத்துப் படம் எடுத்து அனுப்புகிறார். அங்கே காலை ஏழு, இங்கே இரவு பதினொன்று. அதைப் பார்த்த பிறகுதான் விளக்கை அணைக்கிறேன்.