புரதம் வாங்குகிறீர்களா? லேபிளில் உள்ள செறிவை அப்படியே நம்பாதீர்கள்

புரதம் தயாரித்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்திடம் கோழிமுட்டை லைசோசைமின் ஒரு மாற்று வடிவத்தை ஆர்டர் செய்திருந்தோம். 52ஆவது இடத்தில் உள்ள அஸ்பார்ட்டிக் அமிலத்துக்குப் பதிலாக செரின் இருக்கும் வடிவம் அது. 5 மி.கி./மி.லி., ஒரு மி.லி. என்று லேபிள் ஒட்டி அனுப்பினார்கள். விலை மில்லிகிராம் கணக்கில். உள்ளே இருந்தது சுமார் 1.9 மி.கி. மட்டுமே.

முதலில் சந்தேகத்தைக் கிளப்பியது, பிணைப்பின்போது வரும் வெப்பத்தை அளக்கும் ஐ.டி.சி. சோதனை. ஒரு லைசோசைம் மூலக்கூறு மூன்றலகு கைட்டின் சர்க்கரை ஒன்றைத்தான் பிடிக்கும். ஆகவே வரைபடத்தில் n என்ற எண் 1க்கு அருகில் வர வேண்டும். எங்களுக்கு வந்தது 0.38. புரதத்தில் அறுபது சதவீதத்துக்கு மேல் கெட்டுப்போயிருந்தாலும் இப்படி வரலாம், செறிவு தவறாக எழுதப்பட்டிருந்தாலும் வரலாம். எது என்று பார்க்க, சாம்பிளை அதே பஃபரில் பத்து மடங்கு நீர்த்து, 1 செ.மீ. குவார்ட்ஸ் குவெட்டில் 280 நானோமீட்டரில் அளந்தோம். அப்சார்பன்ஸ் 0.50. பத்தால் பெருக்கினால் 5.0. நிறுவனத்தின் அறிக்கையிலும் அதே 5.0தான்! 320இல் உறிஞ்சல் ஏறக்குறைய பூஜ்யம். ஆகவே கலங்கல் இல்லை. 260/280 விகிதம் 0.6க்கு அருகில், டி.என்.ஏ. கலப்பும் இல்லை.

அதாவது அவர்கள் கருவி காட்டிய எண் சரி. அதை மில்லிகிராமாக மாற்றிய இடத்தில்தான் ஏமாற்று. அறிக்கையின் மூலையில் சிறிய எழுத்தில் `1 Abs = 1 mg/mL` என்று இருந்தது. என்ன புரதம் என்றே தெரியாதபோது தோராயமாகப் பார்க்க, நுண்துளி கருவிகளில் இருக்கும் ஒரு தேர்வு அது. அமினோ அமில வரிசை முழுவதும் தெரிந்த ஒரு புரதத்துக்கு, காசு வாங்கிக்கொண்டு, அதைப் போடுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

280இல் ஒளியை உறிஞ்சுவது பெரும்பாலும் டிரிப்டோஃபானும் டைரோசினும்தான்; டைசல்ஃபைடு பிணைப்பும் கொஞ்சம் உறிஞ்சும். ஒரு மோலார் கரைசலுக்கு, 1 செ.மீ. பாதைக்கு, இவை முறையே 5500, 1490, 125. லைசோசைமில் டிரிப்டோஃபான் 6, டைரோசின் 3, டைசல்ஃபைடு 4. கூட்டினால் எக்ஸ்டிங்ஷன் குணகம் 37,970. இவ்வளவு சின்னப் புரதத்தில் ஆறு டிரிப்டோஃபான் இருப்பதால் 1 மி.கி./மி.லி. கரைசலே 2.66 அப்சார்பன்ஸ் காட்டும். மூலக்கூறு எடை சுமார் 14,280 என்று வைத்துப் போடுங்கள்:

```
c = A × M / (ε × l)
  = 5.0 × 14280 / (37970 × 1)
  = 1.88 mg/mL
```

1.88ஐ 5ஆல் வகுத்தால் 0.38. ஐ.டி.சி.யில் வந்த அதே எண். புரதம் கெடவில்லை, நன்றாகவே வேலை செய்தது. அளவுதான் குறைவு.

இதை எழுதி அனுப்பினோம். வந்த பதில்தான் இன்னும் கோபமூட்டியது. "நீங்கள் 1 செ.மீ. குவெட்டில் அளந்தீர்கள், எங்கள் கருவியின் பாதை 1 மி.மீ.; வித்தியாசம் வரத்தான் செய்யும்" என்றார்கள். பாதை பத்தில் ஒன்றானால் உறிஞ்சலும் பத்தில் ஒன்றாகும், உண்மைதான். ஆனால் நுண்துளி கருவி அதைத் தானே 10 மி.மீ.க்கு மாற்றித்தான் திரையில் காட்டும். அவர்கள் அறிக்கையிலேயே அந்தப் பத்தியின் தலைப்பு `10 mm`. மாற்றாத எண்ணாக இருந்திருந்தால் 0.5 என்றுதான் இருந்திருக்கும். அப்புறம், இரண்டு பக்கமும் 5.0 வந்திருக்கும்போது பாதையில் என்ன வித்தியாசம் தேடுவது? இதைச் சொன்னதும், அடுத்த ஆர்டரில் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். பணமும் திரும்பவில்லை, திருத்திய சான்றிதழும் வரவில்லை.

எல்லாப் புரதத்திலும் வாங்குபவருக்கே நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். மாட்டு சீரம் ஆல்புமின் 1 மி.கி./மி.லி.க்கு 0.66தான் காட்டும், அதே தேர்வைப் போட்டால் லேபிளில் இருப்பதைவிட அதிகமாகவே கிடைக்கும். டிரிப்டோஃபான் நிறைந்த புரதங்களுக்குத்தான் இந்த அடி.

ஆர்டர் தரும் முன் உங்கள் புரதத்தின் வரிசையை `ProtParam` என்ற இணையக் கருவியில் போடுங்கள். `Abs 0.1% (=1 g/l)` என்று ஒரு எண் தரும். டைசல்ஃபைடு உள்ளது, இல்லாதது என இரண்டு வரும். உங்கள் புரதத்துக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணால்தான் செறிவு கணக்கிடப்பட வேண்டும் என்று கொள்முதல் ஆணையிலேயே எழுதுங்கள். நீர்ப்பு, பாதை நீளம், பிளாங்க்காக வைத்த பஃபர், மாற்றாத அப்சார்பன்ஸ் எல்லாம் சான்றிதழில் கேளுங்கள். டிரிப்டோஃபானே இல்லாத புரதமென்றால் இந்தக் கணக்கில் பிழை கூடும்; அதற்கு அமினோ அமிலப் பகுப்பாய்வு கேட்பது நல்லது.

ஏற்கெனவே இப்படி வாங்கி வைத்திருந்தால், அறிக்கையில் `1 Abs = 1 mg/mL` இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் லேபிள் செறிவை `ProtParam` தந்த எண்ணால் வகுத்து, குழாயில் புதிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.