ஆப்பிளா, கூகுளா: நமக்குப் பிறகு கணக்கு யார் கைக்கு, எப்போது போகும்?

மத்திய சேமநிதிக்கு நியமனம் செய்து வைத்தவர்கள்கூட ஐக்ளவுடுக்கும் ஜிமெயிலுக்கும் யாரையும் நியமிக்காமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டிலும் அதற்கு வசதி இருக்கிறது. ஆனால் இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு. ஆப்பிள் இறப்புச் சான்றிதழைப் பார்த்துத் திறக்கும். கூகுளோ, கணக்கில் நடமாட்டம் நின்று எவ்வளவு காலமாயிற்று என்று பார்த்துத் திறக்கும்.

யீஷூனில் வசிக்கும் ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். கையில் ஐபோன். பேரப்பிள்ளைகளின் படங்கள் ஐக்ளவுடில், காப்புறுதிக் கடிதங்கள் ஜிமெயிலில். சமையலறையில் தொடர் பார்க்க ஒரு பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட், அதிலும் அதே ஜிமெயில் கணக்கு. மகள் உடன் இருக்கிறாள், மகன் பெர்த்தில்.

ஆப்பிளில் Settings போய், பெயரைத் தட்டி, Sign-In & Security, பிறகு Legacy Contact. ஐந்து பேர் வரை சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு Access Key உருவாகும். மகளிடமும் ஐபோன் இருந்தால் மெசேஜில் அனுப்பலாம், அது அவள் கணக்கிலேயே பதிவாகிவிடும். இல்லையென்றால் அச்சிட்டு, உயில் இருக்கும் கோப்பில் வைக்க வேண்டும். பின்னாளில் அந்தச் சாவியும் இறப்புச் சான்றிதழும் சேர்ந்தால்தான் ஆப்பிள் கதவைத் திறக்கும். யாரையும் நியமிக்காமல் போனால் குடும்பம் நீதிமன்ற ஆணைக்கு அலைய நேரிடும்.

சான்றிதழில் ஒரு சிங்கப்பூர் விஷயம் இருக்கிறது. 2022 மே 29 முதல் இங்கே காகிதச் சான்றிதழ் கிடையாது. அரசாங்கத்தின் My Legacy தளத்தில் மின்னிலக்கச் சான்றிதழை 30 நாள்களுக்குள் பதிவிறக்க வேண்டும். துக்க வீட்டில் அந்த நாள்கள் ஓடிவிடும். அதனால் கோப்பை இறக்கி இரண்டு இடத்தில் வைக்கும் பொறுப்பை ஒருவர் ஏற்பது நல்லது.

ஆப்பிள் அனுமதி தந்த பிறகு மகளுக்குப் படங்கள், குறிப்புகள், செய்திகள், காப்புப் பிரதிகள் கிடைக்கும். வாங்கிய பாடல்கள், திரைப்படங்கள், சேமித்த கடவுச்சொற்கள் கிடைக்காது. மூன்று ஆண்டுக்குப் பின் கணக்கே அழிந்துவிடும். பலரும் கவனிக்காதது இன்னொன்று: இந்த அனுமதி போனின் பூட்டைத் திறக்காது. கடவு எண் தெரியாவிட்டால் போனைத் துடைத்துத்தான் மறுபடி பயன்படுத்த முடியும். இலவச 5 ஜிபி நிரம்பி, ஐக்ளவுடுக்குப் படங்கள் ஏறுவது நின்றுபோயிருந்தால், அதற்குப் பின் எடுத்த படங்கள் போனில் மட்டும்தான் இருக்கும். துடைக்கும்போது அவையும் போய்விடும். சாவி கொடுத்த கையோடு சேமிப்பிடம் எவ்வளவு மீதம் என்றும் அம்மா பார்த்துவிட வேண்டும்.

சரி, கூகுள். myaccount.google.com/inactive பக்கத்தில் 3, 6, 12, 18 மாதங்களில் ஒன்றைக் காத்திருப்புக் காலமாகத் தேர்வு செய்ய வேண்டும். பத்து பேர் வரை நியமித்து, யாருக்கு எது என்று பிரித்துக் கொடுக்கலாம். இங்கே சான்றிதழ் கேட்பதில்லை. காத்திருப்புக் காலம் முடிந்தால் அவர்களுக்கு மின்னஞ்சல் போகும். மூன்று மாதத்துக்குள் தரவை இறக்கிக்கொள்ள வேண்டும். உள்ளே நுழையும் உரிமை கிடையாது, நகல் மட்டும்தான்.

சிக்கல் எங்கே வருகிறது? அம்மா ஜனவரி 10 அன்று காலமாகிறார், அவர் தேர்ந்தெடுத்தது 3 மாதம் என்று வைப்போம். ஏப்ரல் நடுவில் மகளுக்கு அஞ்சல் வர வேண்டும். வரவில்லை. காரணம், அந்த டேப்லெட் இன்னும் சமையலறையில் வைஃபையோடு இணைந்தபடி இருக்கிறது. ஆண்ட்ராய்டு கருவி கூகுளோடு தொடர்பு கொள்வதையும் கூகுள் நடமாட்டமாகவே எண்ணும். காப்புறுதிக் கடிதம் தேடி மகள் அம்மா போனில் ஜிமெயிலைத் திறந்தாலும் அப்படித்தான். டேப்லெட்டை அணைத்து, ஜிமெயிலைத் தொடாமல் விட்டால்தான் காத்திருப்புக் காலம் ஓடத் தொடங்கும்.

நியமிக்கும்போது கொடுக்கும் கைப்பேசி எண்ணும் முக்கியம். இறக்குவதற்கு முன் கூகுள் அந்த எண் வழியாகத்தான் ஆளைச் சரிபார்க்கும். மகன் பெர்த்துக்குப் போய்ச் சிங்கப்பூர் எண்ணை விட்டுவிட்டிருந்தால், பட்டியலில் அவன் பெயர் இருந்தும் பயனில்லை. எண் மாறாத மகளைச் சேர்ப்பதே மேல்.

ஃபேஸ்புக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒருவரை நியமிக்கலாம், அவர் நினைவுப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வார், தனிச் செய்திகளைப் படிக்க முடியாது.

இந்த வீட்டில் அவசரமாகத் தேவைப்படும் கடிதங்கள் தாமதமாகத் திறக்கும் கூகுளிலும், அவசரமில்லாத படங்கள் சான்றிதழ் கொடுத்ததும் திறக்கும் ஆப்பிளிலும் இருக்கின்றன. என்னைக் கேட்டால், ஆப்பிளில் மகளுக்குச் சாவி, கூகுளில் 3 மாதம். அப்புறம், காப்புறுதி எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, சாவி இருக்கும் அதே கோப்பில் வைத்துவிட்டால் ஏப்ரல் வரை மகள் ஜிமெயிலைத் தொட வேண்டிய தேவையே வராது.