தாத்தாவின் படகு வீடியோ: வடிகட்டியா, ஏஐ பெரிதாக்கலா?

காசிமேட்டில் தாத்தா படகில் ஏறும் 40 நொடி வீடியோ, மெசேஜ் செயலி வழியாக வந்தபோது 848×480 அளவுக்குச் சுருங்கியிருந்தது. வானம் கட்டம் கட்டமாக இருந்தது. இரண்டு வழிகளில் சரிசெய்து பார்த்தேன்.

முதலில் கட்ட ஓரங்களை மழுக்கும் வடிகட்டி:

```
ffmpeg -i in.mp4 -vf deblock=filter=weak:block=8 -crf 18 -c:a copy out.mp4
```

வானமும் கடலும் அமைதியாகிவிட்டன. கூர்மை கூடவில்லை, ஆனால் இல்லாத எதையும் சேர்க்கவில்லை. `strong` போட்டால் வலையின் கண்ணிகளும் சேர்ந்து மழுங்கிவிடும்.

அப்புறம் ஏஐ மென்பொருளில் நான்கு மடங்கு பெரிதாக்கினேன். முதல் பார்வைக்குப் பளிச்சென்று இருந்தது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், தாத்தாவின் கன்னத்து மருவைக் காணோம். படகின் பதிவு எண் இருந்த இடத்தில் எழுத்து மாதிரியான கோடுகள், அதுவும் ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறு வடிவில். இப்படி நெளிந்தால், அந்த விவரம் ஊகம்தான்.

காரணம் எளிது. சுருக்கும்போது நுண்ணிய விவரங்களுக்கான எண்களைச் செயலி பூஜ்ஜியமாக்கிவிடுகிறது. பூஜ்ஜியத்திலிருந்து பழைய எண்ணை எந்த வழியிலும் மீட்க முடியாது. வடிகட்டி அதை அப்படியே விட்டுவிடும். ஏஐ தனக்குத் தெரிந்த முகங்களை வைத்து நிரப்பும்.

குடும்ப வீடியோவுக்கு நான் வடிகட்டியைத்தான் எடுப்பேன். அதற்கும் முன்னால், எடுத்தவரின் போனில் அசல் இருக்கிறதா என்று கேட்டு, டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.