அம்பா, ‘தள்ளுங்க’வா, பாதியில் நிற்கும் வரியா?

எட்டுப் பக்கத்தில் ஓர் இன்ஸ்டாகிராம் கேரசல், அதாவது ஒவ்வொரு படமாக விரலால் தள்ளிப் பார்க்கும் பதிவு. தலைப்பு: ‘பாம்பு கடித்துவிட்டது. முதலில் என்ன?’ முதலுதவி சொல்லித்தரும் ஒரு சின்னக் குழுவுக்காக நான் எழுதியது. விஷயம் தயார், படங்களும் தயார். ஆனால் முதல் பக்கத்தின் வலது ஓரத்தில் என்ன போடுவது என்பதில் மட்டும் இரண்டு நாள் இழுத்தது. வடிவமைப்பவருக்கு அம்பு பிடிக்கும். குழுவில் ஒருவர் ‘ஸ்வைப் பண்ணுங்க’ என்று எழுதியே ஆக வேண்டும் என்றார். எனக்கு அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரியில் சொன்னால் போதும் என்று பட்டது. நாலாவதாக, வரியையோ படத்தையோ பாதியில் வெட்டி, மீதியை அடுத்த பக்கத்தில் விடும் வழி. நாலையும் ஒரே கேரசலில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம்.

முதலில் ஒன்று. 2017-இல் இன்ஸ்டாகிராமில் பல படம் ஒரே பதிவில் போடும் வசதி வந்தபோது, ‘இன்னும் இருக்கிறது, தள்ளுங்கள்’ என்று சொல்வதற்கே ஒரு குறி தேவைப்பட்டது. இப்போது படத்துக்குக் கீழே வரிசையாகப் புள்ளிகள் தெரிகின்றன, மேலே வலது மூலையில் 1/8 என்று கொஞ்ச நேரம் வந்து மறைகிறது. தள்ளலாம் என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். எதற்காகத் தள்ள வேண்டும் என்பதுதான் தெரியாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நாலையும் பார்க்கலாம்.

அம்பு

அம்பின் பெரிய பலம், படிக்க வேண்டியதில்லை என்பது. கண் ஓரத்தில் பட்டாலே போதும். பலவீனத்தை என் அத்தைதான் காட்டிக்கொடுத்தார். வட்டத்துக்குள் அம்பு வரைந்து, லேசாக நிழலும் கொடுத்திருந்தோம். போனை அவரிடம் நீட்டினேன். அந்த வட்டத்தைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தித் தட்டினார். பிறகு வேகமாக இரண்டு முறை தட்டினார், இதயம் ஒன்று பறந்தது.

“அத்தை, தட்டாதீங்க, தள்ளுங்க.”

“பட்டன் மாதிரி வரைஞ்சு வெச்சுட்டு தட்டாதேன்னா எப்படிப்பா?”

அவர் சொன்னது சரி. வட்டம், நிழல், நிரப்பிய நிறம் மூன்றும் சேர்ந்தால் அது பொத்தான்தான். கணினியில் இன்ஸ்டாகிராம் திறந்தால் படத்தின் ஓரத்தில் அதுவே ஓர் அம்புப் பொத்தான் வைத்திருக்கிறது, அதைத் தட்டினால் நகரும். அதன் பக்கத்திலேயே நாம் வரைந்த போலிப் பொத்தானும் நின்றால் இன்னும் மோசம். அம்பு வேண்டுமானால் மெல்லிய கோடாக, வட்டம் இல்லாமல், எழுத்தின் நிறத்திலேயே இருக்கட்டும்.

அது நிற்கும் இடத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 1080-க்கு 1350 அளவில் செய்த படம், 2025-இல் மாறிய சுயவிவரக் கட்டத்தில் 3:4 ஆக வெட்டுப்படும். உயரம் அப்படியே இருக்க, அகலம் 1012 பிக்சலுக்குச் சுருங்கும். அதாவது இரண்டு பக்கமும் சுமார் 34 பிக்சல் போய்விடும். ஓரத்தை ஒட்டி வைத்த அம்புக்குக் கட்டத்தில் தலை இருக்காது, ஒரு கோடு மட்டும் கிடக்கும். நாங்கள் ஓரத்திலிருந்து 70 பிக்சல் உள்ளே தள்ளிவைத்தோம்.

‘ஸ்வைப் பண்ணுங்க’

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு முறை சொன்னால் உதவி, ஏழு முறை சொன்னால் நச்சரிப்பு. எட்டுப் பக்கத்துக்கு ஏழு திருப்பம். வார்ப்புருவில் ஒரு தடவை எழுதிவிட்டால் ஏழிலும் தானாக உட்கார்ந்துகொள்ளும். நாலாம் பக்கம் வரை வந்துவிட்ட ஆளிடம் ‘தள்ளுங்கள்’ என்பது, சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம் வாயைத் திறங்கள் என்பது மாதிரி.

திசையிலும் ஒரு சிக்கல். சிலர் ‘வலப்பக்கம் தள்ளவும்’ என்று எழுதுகிறார்கள். அடுத்த பக்கம் இருப்பது வலது பக்கம், விரல் போக வேண்டியது இடது பக்கம். அம்பு வலப்பக்கம் காட்டினால் யாரும் குழம்புவதில்லை, ஏனென்றால் அது இடத்தைக் காட்டுகிறது. ‘தள்ளு’ என்ற சொல் விரலுக்குப் போடும் கட்டளை. அதனுடன் திசையைச் சேர்த்தால் பாதிப் பேருக்குத் தப்பாகத்தான் போய்ச் சேரும். சொல்லியே ஆக வேண்டுமென்றால் திசை இல்லாமல் ‘அடுத்த பக்கம் பாருங்கள்’ போதும்.

பாதியில் நிற்கும் வரி

இதுதான் இருப்பதிலேயே வலுவான இழுப்பு. தமிழில் இன்னும் வலு, ஏனென்றால் நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. வினை வரும்வரை வாக்கியம் முடிவதில்லை, மனசும் விடுவதில்லை. எனக்கும் இந்த உத்தி பிடித்திருந்தது. மூன்றாம் பக்கத்தின் அடியில் இப்படி எழுதியிருந்தேன்:

*கடித்த இடத்துக்கு மேலே கயிறு போட்டு இறுக்கிக் கட்ட…*

நாலாம் பக்கத்தின் மேலே பெரிய எழுத்தில்: *…வே கூடாது.*

படிக்க நன்றாகத்தான் இருந்தது. குழுவில் செவிலியராக வேலை பார்க்கும் தோழி மூன்றாம் பக்கத்தை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ஒன்றும் எழுதாமல் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. அந்தப் படம் குடும்பக் குழு ஒன்றில் தனியாகச் சுற்றினால், அது சொல்வது ‘கயிறு போட்டு இறுக்கிக் கட்டு’ என்பதைத்தான். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கை காலே போகலாம், கட்டை அவிழ்க்கும்போது விஷம் மொத்தமாக உள்ளே பாயலாம். முதலுதவியில் வேண்டாம் என்று முதலில் சொல்வது இதைத்தான்.

தமிழில் மறுப்பும் வினையோடு கடைசியில்தான் வருகிறது. கூடாது, வேண்டாம், இல்லை எல்லாமே வால் பகுதி. ஆகவே வாக்கியத்தை வெட்டும்போது பெரும்பாலும் மறுப்புதான் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது, இந்தப் பக்கத்தில் அதன் நேர் எதிர் நிற்கிறது. சமையல் குறிப்பில் இது நடந்தால் ஒரு குழம்பு கெடும், அவ்வளவுதான். மருந்து, பணம், சட்டம் என்றால் வாக்கியத்தை வெட்டவே வேண்டாம் என்பது என் முடிவு.

படத்தை வெட்டுவது வேறு கதை. முதல் பக்கத்தின் வலது ஓரத்தில் கட்டுவிரியனின் வால், இரண்டாம் பக்கத்தின் இடது ஓரத்திலிருந்து மீதி உடல். தள்ளும்போது பாம்பு ஓரத்தைத் தாண்டி ஊர்ந்து வருவது மாதிரி இருந்தது. ஒரு சொல் கூட இல்லாமல் வேலை முடிந்தது. இதிலும் ஒரு முறை போதும். எல்லாப் பக்கமும் படம் வழிந்துகொண்டே இருந்தால் தனித்தனியாக எடுத்துப் பார்க்கும்போது ஒவ்வொன்றும் கத்தரித்த துண்டு மாதிரி இருக்கும்.

‘அடுத்து:’ என்ற வரி

பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரே வரி. ‘அடுத்து: மோதிரம், கொலுசு, வாட்ச்.’ மூன்று சொல்லிலேயே ஒரு கேள்வி எழுகிறது. பாம்புக்கடிக்கும் மோதிரத்துக்கும் என்ன சம்பந்தம்? தள்ளினால் பதில்: வீக்கம் ஏறும் முன்பே இறுக்கமாக இருப்பதையெல்லாம் கழற்றிவிட வேண்டும். அந்தப் பக்கத்தின் வாக்கியமும் முழுசு, ‘அடுத்து’ வரியும் முழுசு. ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாலும் தப்பாக ஒன்றும் சொல்லாது.

இது கெட்டுப்போவது ஆசையால். ‘அடுத்து: இது தெரியாமல் போனால் உயிருக்கே ஆபத்து!’ என்று எழுதத் தோன்றும். எங்கள் முதல் வரைவில் ‘கடைசிப் பக்கத்தில் மிக முக்கியமான விஷயம்’ என்றுகூட இருந்தது. அந்த முக்கியமான விஷயம் என்ன தெரியுமா? 108-க்குக் கூப்பிடு, பாம்புக்கடி மருந்து இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோ. அதை எட்டாம் பக்கத்தில் ஒளித்து வைத்து ஆளை இழுப்பது அயோக்கியத்தனம். முதல் பக்கத்துக்கே கொண்டுவந்தோம். ‘இப்போது முழுவதையும் அங்கேயே சொல்லிவிட்டால் யார் தள்ளுவார்கள்?’ என்று வடிவமைப்பவர் கேட்டார். கடிபட்டவர் தள்ள வேண்டியதே இல்லை, அவர் கிளம்பட்டும். மற்றவர்கள் தள்ளிப் பார்ப்பார்கள்.

இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. முதல் பக்கத்தைத் தள்ளாமல் கடந்துபோனவருக்கு, இன்ஸ்டாகிராம் சில நேரம் அதே பதிவை இரண்டாம் பக்கத்திலிருந்து மறுபடி காட்டும். இரண்டாம் பக்கம் ‘…ஆகவே’ என்று தொடங்கினால் அவருக்குத் தலையும் புரியாது காலும் புரியாது. ‘அடுத்து’ வரி முறையில் ஒவ்வொரு பக்கமும் தன் காலிலேயே நிற்பதால் இந்தத் தொல்லை இல்லை.

பக்க எண்

இதைப் போட்டியாளராகச் சேர்ப்பதில்லை, எல்லாவற்றுக்கும் துணை. இன்ஸ்டாகிராம் காட்டும் எண் மறைந்துவிடும், ஸ்க்ரீன்ஷாட்டில் சில நேரம் வராது. நாமே ‘4/8’ என்று படத்தில் எழுதினால் தனியாகச் சுற்றும் துண்டு கூட ‘நான் எட்டில் ஒன்று’ என்று சொல்லிக்கொண்டே சுற்றும். வலது மேல் மூலை வேண்டாம், அங்கே செயலியின் எண்ணோடு மோதும். இடது கீழே வையுங்கள். படிநிலைகளை எண்ணால் எழுதாதீர்கள். நாலாம் பக்கத்தில் ‘படி 3’ என்று இருந்ததைப் பார்த்து அத்தை ஒரு பக்கத்தை விட்டுவிட்டோம் என்று நினைத்துப் பின்னால் போனார்.

கடைசியில் நாங்கள் ஏற்றியது இது. முதல் பக்கத்தில் பாம்பின் வால், கூடவே ‘அடுத்து: கயிறு கட்டலாமா?’ என்ற வரி, 70 பிக்சல் உள்ளே மெல்லிய அம்பு. இரண்டாம் பக்கத்தில் ‘இறுக்கிக் கட்டக் கூடாது’ என்ற முழு வாக்கியம். மூன்றில் மோதிரமும் கொலுசும், நாலில் எலும்பு முறிந்தால் கட்டுவது போல மட்டையோடு சேர்த்துக் கையையோ காலையோ அசையாமல் வைப்பது. இந்த மூன்று பக்கங்களிலும் அம்பு இல்லை, எண் மட்டும். ஐந்தாம் பக்கத்தில் பேச்சு பாம்பு வகைக்குத் திரும்புகிறது, ஆகவே நாலின் அடியில் மறுபடி ஒரு வரி: ‘அடுத்து: வலியே தெரியாத கடி.’ தரையில் படுத்துத் தூங்குபவரை இரவில் கட்டுவிரியன் கடித்தால் வலியும் வீக்கமும் பெரிதாக இல்லாமல் போகலாம். அந்தப் பக்கம் படிக்காமல் போகக் கூடாது என்பதால்தான் அங்கே ஒரு ‘அடுத்து’ வரி. அதன் பிறகு ஒன்றும் இல்லை.

மூன்று பேரிடம் போனைக் கொடுத்து, எதுவும் சொல்லாமல் கட்டைவிரலை மட்டும் கவனித்தோம். யாரும் எதையும் தட்டவில்லை. ஆனால் மூன்று பேருமே எட்டாம் பக்கத்தில் நின்று இன்னொரு முறை தள்ளிப் பார்த்தார்கள். போய்ப் பார்த்தால், வார்ப்புருவை நகல் எடுத்தபோது முதல் பக்கத்து அம்பு கடைசிப் பக்கத்திலும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.