ஸ்மார்ட் பூட்டுள்ள வாடகை வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் கவனத்துக்கு

நான் முன்பு குடியிருந்த வீட்டின் வாசற்கதவில் உரிமையாளர் ஸ்மார்ட் பூட்டு பொருத்தியிருந்தார். எனக்கு ஓர் எண் குறியீடு தரப்பட்டது. கைரேகையும் பதிவு செய்யப்பட்டது. பூட்டை இயக்கும் கைபேசிச் செயலியில் நான் வெறும் பயனர் என்பதும், நிர்வாகக் கணக்கு அவருடையது என்பதும் ஒப்பந்தத்தில் ஓர் வரியாகக்கூட இல்லை.

இந்த வேறுபாடுதான் எல்லாவற்றுக்கும் வேர். எந்தக் குறியீட்டால் எந்த நேரத்தில் கதவு திறந்தது என்ற பதிவை நிர்வாகக் கணக்கு வைத்திருப்பவர் பார்க்கலாம். பூட்டு வைஃபையுடன் இணைந்திருந்தால் அந்தப் பதிவை எங்கிருந்தும் பார்க்கலாம், கதவையும் தொலைவிலிருந்தே திறக்கலாம். குடியிருப்பவரின் குறியீட்டை ஒரே தொடுதலில் நீக்கவும் செய்யலாம். என் தங்கை வந்துபோக அவரிடம் கேட்டுத்தான் தனிக் குறியீடு பெற்றேன். சில வாரங்களில் அவர், "உங்கள் தங்கை அடிக்கடி வருகிறாரே, இங்கேயே தங்கிவிட்டாரா?" என்று கேட்டு, கூடுதல் ஆளுக்குரிய வாடகையைக் கோரினார். அவர் ஆதாரமாகக் காட்டியது பூட்டின் பதிவை.

நடைவழிக் கேமராவும் என் கதவுக்கு நேர் எதிரே இருந்தது. பொது இடத்தில் பாதுகாப்புக்காகக் கேமரா வைப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால், கதவு திறந்தால் கூடத்தின் உட்புறம் தெரியும் கோணமும், வாசலில் பேசுவதைப் பதிவு செய்யும் மைக்கும் பாதுகாப்பில் சேராது. பல கேமராக்களில் படத்தின் ஒரு பகுதியைக் கறுப்பாக மறைக்கவும் ஒலிப்பதிவை நிறுத்தவும் அமைப்பு உண்டு. அவற்றைச் செய்ய ஒப்புக்கொண்ட உரிமையாளர், பூட்டின் கணக்கை மட்டும் விட மறுத்துவிட்டார். நான் வீடு மாறினேன்.

ஆகவே, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே செயலியின் பயனர் பட்டியலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். குடியிருக்கும் காலம் வரை நிர்வாகக் கணக்கு உங்களிடம் இருக்கும், அவசரத்துக்கு உரிமையாளர் ஒரு சாதாரணச் சாவியை வைத்துக்கொள்வார், முன்னறிவிப்பின்றி அதைப் பயன்படுத்தமாட்டார் என்று எழுத்தில் பெறுவதே நியாயமான ஏற்பாடு. அவர் ஒப்புக்கொண்டால், பூட்டை ஆலையிலிருந்து வந்த தொடக்க நிலைக்கு மீட்டமைத்து உங்கள் கணக்கில் புதிதாகப் பதிவு செய்யுங்கள். சில பூட்டுகள் பழைய கணக்கிலிருந்து நீக்கப்படாதவரை புதிய கணக்கை ஏற்பதில்லை என்பதால், இதை அவர் முன்னிலையிலேயே செய்ய வேண்டும். பின்பு பழைய குறியீடுகளை அழுத்திப் பாருங்கள். ஒன்றுகூடக் கதவைத் திறக்கக் கூடாது.

வீட்டைக் காலி செய்யும்போதும் ஒரு வேலை இருக்கிறது. கைரேகைத் தரவு பெரும்பாலும் பூட்டுக்குள்ளேயே சேமிக்கப்படுவதால், செயலியை கைபேசியிலிருந்து அகற்றினால் மட்டும் அது அழியாது. சாவியை ஒப்படைப்பதற்கு முன் அதைப் பூட்டிலிருந்து நீக்கி, விரலை வைத்துக் கதவு திறக்கவில்லை என்று சோதித்துவிடுங்கள்.