நான்கு உணவுச் சமன்பாடுகளும் எஸ்.யூ.ஆரும்: ஆறு வருடப் பழக்கம்

தேவைச் சமன்பாடுகளுக்கு, பல சமன்பாடுகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் மதிப்பிடும் எஸ்.யூ.ஆர். முறையை நான் ஓட்ட ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. ஆரம்பத்தில் நான் நம்பியது இதுதான்: இறைச்சிக்கு ஒரு சமன்பாடு, காய்கறிக்கு ஒரு சமன்பாடு என்று தனித்தனியாக மதிப்பிடும்போது, இரண்டின் பிழைகளும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்கிற தகவல் வீணாகிறது, எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் திட்டப்பிழை குறையும். பாடத்தில் சொல்லித்தருவதும் இதைத்தான். நான் பயன்படுத்தும் வகைச் சமன்பாடுகளுக்கு இது பாதிதான் உண்மை என்று தெரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

பழகிப் பார்க்க நல்ல தரவு ஒன்று R மென்பொருளின் `micEconAids` தொகுப்பிலேயே இருக்கிறது. பெயர் `Blanciforti86`. அமெரிக்க உணவுச் செலவு, 1947 முதல் 1978 வரை, 32 ஆண்டுகள், நான்கு பிரிவு: இறைச்சி, பழம்-காய்கறி, தானியமும் பேக்கரிப் பண்டங்களும், மற்றவை. ஒவ்வொரு பிரிவுக்கும் உணவுச் செலவில் அதன் பங்கு இடப்பக்கம். வலப்பக்கம் நான்கு விலைகளின் மடக்கை, விலைக் குறியீட்டால் சரிசெய்த மொத்த உணவுச் செலவின் மடக்கை. டீட்டனும் மியூல்பாவரும் 1980-இல் கொடுத்த மாதிரியின் நேர்கோட்டு வடிவம் இது.

தரவு கையில் வந்ததும் நான் செய்த முதல் வேலை, சமன்பாடுகளைத் தனித்தனியாக மதிப்பிடும் ஓ.எல்.எஸ்.ஸில் ஒரு முறை, எஸ்.யூ.ஆரில் ஒரு முறை ஓட்டி, இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. கெழுக்கள் ஒன்றே. திட்டப்பிழையும் ஒன்றே. கடைசி தசம இடம் வரை ஒன்றே. `method` எழுதியதில் பிழை என்று நினைத்து இரண்டு மணி நேரம் நிரலைத் தடவிக்கொண்டிருந்தேன். நிரலில் பிழை ஒன்றும் இல்லை.

எஸ்.யூ.ஆர். உள்ளே செய்வதை இப்படிப் பார்த்தால் விஷயம் புரியும். இறைச்சிச் சமன்பாட்டை மதிப்பிடும்போது, காய்கறிச் சமன்பாட்டின் மிச்சத்தையும், அதாவது அந்தச் சமன்பாட்டால் விளக்க முடியாமல் எஞ்சியதையும், கூடுதல் விளக்க மாறி மாதிரி அது சேர்த்துக்கொள்கிறது. பக்கத்து வீட்டில் நடந்த எதிர்பாராத ஏற்றத்திலிருந்து நம் வீட்டு இரைச்சலில் கொஞ்சத்தைக் கழித்துவிடலாம் என்கிற யோசனை. ஆனால் இரண்டு சமன்பாட்டிலும் விளக்க மாறிகள் அச்சாக ஒன்றே என்றால், காய்கறியின் மிச்சம் அந்த மாறிகள் எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே செங்குத்து. அதைச் சேர்த்தாலும் விலைக் கெழு அசையாது. பிழைகளுக்கு இடையே தொடர்பு எவ்வளவு பலமாக இருந்தாலும் இதே கதைதான். நம் நான்கு பிரிவுகளிலும் அதே நான்கு விலைதான், அதே மொத்தச் செலவுதான்.

ஆர்னால்ட் செல்னர் 1962-இல் இந்த முறையை வெளியிட்டபோது எடுத்த உதாரணம் வேறு வகை. ஜெனரல் எலக்ட்ரிக், வெஸ்டிங்ஹவுஸ் என்ற இரண்டு நிறுவனங்களின் முதலீடு, 1935 முதல் 1954 வரை 20 ஆண்டுகள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதனதன் சந்தை மதிப்பும் மூலதன இருப்பும்தான் விளக்க மாறிகள். மாறிகள் வேறு வேறு என்பதால் அங்கே லாபம் இருந்தது. நாம் அதைப் படித்துவிட்டு, மாறிகள் எல்லாம் ஒன்றாக இருக்கும் இடத்துக்கு அதே லாபத்தை எதிர்பார்த்து வருகிறோம்.

பிழைத் தொடர்பு உண்மையா என்று பார்க்க ப்ரூஷ்-பேகன் சோதனை உண்டு. ஸ்டேட்டா மென்பொருளில் `sureg` கட்டளையோடு `corr` போட்டால் கீழே வந்துவிடும். அந்த எண்ணைப் பார்த்து நான் மிகவும் சந்தோஷப்பட்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. பங்குகளின் கூட்டுத்தொகை எப்போதும் 1. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் நான்கு பிழைகளின் கூட்டுத்தொகை 0. இறைச்சியின் பங்கு எதிர்பாராமல் ஏறினால் மற்ற மூன்றும் சேர்ந்து அதே அளவு இறங்கியே ஆகவேண்டும். நான்கு பிழைகளும் ஒரே அளவு சிதறல் உள்ளவை, எந்த ஜோடிக்கும் தனிச் சொந்தம் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு ஜோடியின் ஒட்டுறவும் −1/3 என்று வந்துவிடும். ஒரு சமன்பாட்டை நீக்கிவிட்டால் மிஞ்சுவது மூன்று ஜோடி. சோதனை எண் 32 × 3 × 1/9, கிட்டத்தட்ட 10.67. மூன்று வரையற்ற பாகைகளில் 5 சதவீத எல்லை 7.81. ஆக, நுகர்வோரின் நடத்தையைப் பற்றி ஒன்றுமே தெரியாமல், கூட்டல் கணக்கு மட்டுமே இந்தச் சோதனையில் தேறிவிடும்.

சரி, அப்புறம் எதற்கு இன்னும் இதைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன்? சமச்சீர் நிபந்தனைக்காக.

காய்கறி விலை இறைச்சிப் பங்கை அசைக்கும் கெழுவும், இறைச்சி விலை காய்கறிப் பங்கை அசைக்கும் கெழுவும் சமமாக இருக்கவேண்டும் என்று தேவைக் கோட்பாடு சொல்கிறது. இந்த நிபந்தனை இரண்டு சமன்பாடுகளுக்குக் குறுக்கே போகிறது. தனித்தனியாக ஓட்டினால் அதைப் போடவே முடியாது. போட்டபின் ஒரே கெழுவுக்கு இரண்டு சமன்பாடுகளிலிருந்தும் தகவல் வருகிறது. எதற்கு எவ்வளவு எடை என்பதைப் பிழைகளின் உடன்மாறுபாட்டு அணி தீர்மானிக்கிறது. அந்த அணிக்கு இங்கேதான் உண்மையான வேலை. மூன்று சமன்பாடு, ஒவ்வொன்றிலும் 6 கெழு என்று 18-இல் தொடங்கி, எல்லா விலையும் செலவும் ஒரே விகிதத்தில் ஏறினால் பங்கு மாறாது என்ற நிபந்தனையைப் போட்டால் 15, சமச்சீரையும் போட்டால் 12. என் அனுபவத்தில் குறுக்கு விலைக் கெழுக்கள் நிதானத்துக்கு வருவது இந்தப் படியில்தான்.

நான் இப்போது R-இன் `systemfit` தொகுப்பில் ஓட்டும் வடிவம் இது. `d` என்பது `Blanciforti86`-இன் முதல் 32 வரிசை. `r1` என்பது `log(pFood1/pFood4)`. விலைகளை நான்காவதன் விலையால் வகுத்துவிட்டால் விகித நிபந்தனை தானாக வந்துவிடும். `lx` என்பது சரிசெய்த செலவின் மடக்கை.

```r
eqs <- list(
  meat = wFood1 ~ r1 + r2 + r3 + lx,
  veg  = wFood2 ~ r1 + r2 + r3 + lx,
  cer  = wFood3 ~ r1 + r2 + r3 + lx)
sym <- c("meat_r2 - veg_r1 = 0",
         "meat_r3 - cer_r1 = 0",
         "veg_r3 - cer_r2 = 0")
fit <- systemfit(eqs, "SUR", data = d,
  restrict.matrix = sym, maxiter = 100,
  methodResidCov = "noDfCor")
```

நான்காவது சமன்பாடு எங்கே என்று கேட்பவர்களுக்கு: நான்கையும் போட்டால் பிழைகளின் கூட்டுத்தொகை 0 என்பதால் உடன்மாறுபாட்டு அணிக்கு நேர்மாறு கிடையாது. நிரல் மறுத்துவிட்டால் நல்லது. மறுக்காமல் விட்டதுதான் எனக்கு ஒருமுறை வினையானது. கைக்கு வந்த ஒரு கோப்பில் பங்குகளை நான்கு தசமத்துக்குச் சுருக்கியிருந்தார்கள். சில வரிசைகளில் கூட்டினால் 1.0001, சிலவற்றில் 0.9999. அந்தத் துக்கடா வித்தியாசத்தால் அணி பெயரளவுக்கு நேர்மாறு உள்ளதாகிவிட்டது. நிரல் அமைதியாக ஓடி, ஆச்சரியமான அளவுக்குச் சின்னத் திட்டப்பிழைகளைக் கொடுத்தது. அது என் மாதிரியின் துல்லியம் இல்லை, சுருக்கல் பிழையின் துல்லியம். அதிலிருந்து எதை ஓட்டினாலும் முதலில் பங்குகளைக் கூட்டிப் பார்க்கிறேன்:

```r
range(rowSums(d[, paste0("wFood", 1:4)]) - 1)
```

எந்தச் சமன்பாட்டை நீக்குவது என்பது முக்கியமில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். பார்ட்டன் 1969-இல் காட்டியதும் அதுதான். ஆனால் அது உச்ச நிகழ்தகவு மதிப்பீட்டுக்கு. `systemfit` தானாக விட்டால் இரண்டு படியோடு நின்றுவிடும். அதுவும் முதல் படி மிச்சங்களை நிபந்தனை போட்ட ஓ.எல்.எஸ்.ஸிலிருந்து எடுக்கும், அந்த ஓ.எல்.எஸ்.ஸோ எதை நீக்கினோம் என்பதைப் பொறுத்து மாறும். ‘மற்றவை’யை நீக்கினால் ஒரு விடை, தானியத்தை நீக்கினால் சற்றே வேறு விடை. மேலே `maxiter = 100` இருப்பது அதனால்தான்: விடை அசையாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்ப ஓடினால் உச்ச நிகழ்தகவு மதிப்பீட்டில் போய்ச் சேரும். ஸ்டேட்டாவில் இதற்கு `isure`. வேறொரு சமன்பாட்டை நீக்கி மறுபடி ஓட்டுவது எனக்கு இன்று இலவசச் சோதனை. விலைகளைப் புதிதாக நீக்கியதன் விலையால் வகுக்க மறக்கக் கூடாது. கெழுக்கள் பொருந்தவில்லை என்றால் எங்கேயோ நிபந்தனையைத் தப்பாக எழுதியிருக்கிறேன் என்று அர்த்தம்.

`noDfCor` போட்டால் சிதறலை 32-ஆல் வகுக்கிறது. 12 கெழுவை மூன்று சமன்பாட்டுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 4. நியாயமாக 28-ஆல் வகுத்திருக்கவேண்டும். அதனால் வெளியே வரும் திட்டப்பிழை சுமார் 6.5 சதவீதம் குறைவு. டி-மதிப்பு 2.05 என்று மின்னுவது உண்மையில் 1.92. அந்த இடைவெளியில் நிற்கும் கெழுவுக்கு நான் நட்சத்திரம் போடுவதில்லை. நிபந்தனைச் சோதனைகளிலும் இதே நோய் உண்டு: பொருள்கள் நிறைய, ஆண்டுகள் குறைவு என்றால், உண்மையான விகித நிபந்தனையையே வழக்கமான சோதனை அடிக்கடி நிராகரிக்கும் என்று லைட்டினன் 1978-இல் காட்டினார். அவரைப் படிக்கும் முன் என் கட்டுரை ஒன்றில், நுகர்வோர் பகுத்தறிவோடு நடக்கவில்லை என்று ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். நல்லவேளை, அனுப்பவில்லை.

இந்த முறை தீர்க்காத ஒன்றில்தான் இப்போது என் நேரம் போகிறது. எஸ்.யூ.ஆர். கவனிப்பது ஒரே ஆண்டுக்குள் சமன்பாடுகளுக்கு இடையே உள்ள தொடர்பை மட்டும். இறைச்சியின் இந்த ஆண்டுப் பிழை போன ஆண்டுப் பிழையைத் தொடர்ந்தால் அதற்குத் தெரியாது, 32 ஆண்டுத் தொடரில் அதுதான் பெரிய தொல்லை. மிச்சங்களை ஆண்டு வரிசையில் வரைந்தால் ஐந்தாறு ஆண்டு மேலே, ஐந்தாறு ஆண்டு கீழே என்று அலை தெரிந்தாலே போதும், திட்டப்பிழைகளை நம்ப முடியாது. இறைச்சிக்கு ஒரு திருத்தக் கெழு, காய்கறிக்கு வேறொன்று என்று வைக்கவும் வழியில்லை. பிழைகளின் கூட்டுத்தொகை 0 என்பதால், ஒவ்வொரு சமன்பாடும் தன் பழைய பிழையை மட்டுமே தொடர்கிறது என்று வைத்தால் அந்தக் கெழு எல்லாவற்றிலும் ஒன்றாகத்தான் இருக்க முடியும். பெர்ன்ட்டும் சாவினும் 1975-இல் சொன்னது இது. நான் தற்போது பங்குகளையும் மடக்கைகளையும் ஆண்டுக்கு ஆண்டு வித்தியாசமாக மாற்றிக்கொண்டு, அதே மூன்று நிபந்தனைகளோடு மறுபடி ஓட்டுகிறேன். ஓர் ஆண்டு போய் 31 மிஞ்சுகிறது, செலவுக் கெழு கணிசமாக நகர்கிறது, மிச்சத்தில் அலை அடங்கிவிடுகிறது.