உப்பைப் பிடிப்பதா, குறுக்குக்கோடு போடுவதா?

அக்கா மகன் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறான். போன மாதம் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்தவன், கணக்கு நோட்டை என் முன்னால் வைத்து, "மாமா, இதுல எங்க தப்புன்னே தெரியல. மூணு தடவை போட்டுட்டேன்" என்றான்.

கணக்கு இதுதான். 5 சதவீத உப்புக் கரைசல் 40 கிலோ இருக்கிறது. அது 8 சதவீதமாக எவ்வளவு தண்ணீர் ஆவியாக வேண்டும்? அவனுக்கு வந்த விடை 10.9 கிலோ. மூன்று தடவையும் அதே 10.9.

அவன் போகும் பயிற்சி மையத்தில் கலவைக் கணக்கு என்றாலே அலிகேஷன்தான். இரண்டு பக்கமும் இரண்டு சதவீதம், நடுவில் வேண்டிய சதவீதம், குறுக்கே கழித்தால் விகிதம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் போட்டேன். இப்போது ஆவியாதல், தண்ணீர் சேர்த்தல் இரண்டுக்கும் அதை விட்டுவிட்டு, உப்பை மட்டும் பிடித்துக்கொண்டு போகும் வழிக்கு மாறிவிட்டேன். அதனால் இந்த ஒப்பீட்டில் நான் நடுநிலை இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அலிகேஷனுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். தண்ணீர் சேர்க்கும் கணக்கில் அது வேகமானது. 8 சதவீதக் கரைசல் 25 கிலோவை 4 சதவீதமாக்க வேண்டும் என்றால் ஒரு பக்கம் 8, இன்னொரு பக்கம் தண்ணீருக்கு 0, நடுவில் 4. இரண்டு வித்தியாசமும் 4. விகிதம் 1:1, ஆகவே 25 கிலோ தண்ணீர். பேனாவே வேண்டாம். 5 சதவீதத்தையும் 12 சதவீதத்தையும் கலந்து 8 சதவீதம் செய்யச் சொன்னாலும் நான் அலிகேஷனைத்தான் எடுப்பேன். இரண்டு பக்கமும் உப்பு வருவதால் அங்கே மாறாமல் நிற்பது என்று எதையும் பிடிக்க முடியாது.

ஆவியாதலில்தான் அது காலை வாருகிறது. தண்ணீர் உள்ளே வரவில்லை, வெளியே போகிறது. 5க்கும் 0க்கும் நடுவில் 8 எப்படி உட்காரும்? மருமகன் அதையும் உட்கார வைத்திருந்தான். கரைசலுக்கு 8 பங்கு, தண்ணீருக்கு 3 பங்கு. அதுவரை சரிதான். ஆனால் பழக்கத்தில் 8ஐயும் 3ஐயும் கூட்டி 11 ஆக்கி, 40ஐ அதற்குப் பங்கிட்டுவிட்டான். 40 × 3/11, அதாவது 10.9. உண்மையில் இங்கே 40 என்பது 8 பங்குக்கு உரியது, மொத்தத்துக்கு இல்லை. 8 பங்கு 40 என்றால் 3 பங்கு 15. விடை 15 கிலோ.

ஒழுங்காகப் போட வேண்டுமானால் கதையைப் பின்னோக்கி ஓட்ட வேண்டும்: 8 சதவீதக் கரைசலில் தண்ணீர் சேர்ந்து 5 ஆனது என்று வைத்துக்கொண்டால் விகிதம் 5:3, மொத்தம் 40, தண்ணீர் 15. இது சரியாக வரும். ஆனால் தேர்வு அறையில் எது முன், எது பின், எந்த எண் மொத்தம், எந்த எண் பங்கு என்று யோசிக்கிற நேரத்தில் குறுக்குவழியின் லாபம் போய்விடுகிறது.

x வைத்துச் சமன்பாடு போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. (40 − x) × 8 = 40 × 5 என்று எழுதினால் x = 15. தப்பே வராது, கொஞ்சம் நீளம். கூர்ந்து பார்த்தால் இதுவும் உப்பைப் பிடிக்கும் வழிதான், வேட்டிக்குப் பதில் பேண்ட் போட்டிருக்கிறது. கொடுத்த விடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது இன்னொரு வழி. அவசரத்துக்கு உதவும், புரியாது.

சரி, இனி என் வழி. மருமகனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஏலே, தண்ணி ஆவியாச்சு. உப்பு எங்க போச்சு?"

"எங்கயும் போகல மாமா. அங்கனதான் இருக்கு."

அவ்வளவுதான். 40 கிலோவில் 5 சதவீதம் என்றால் உப்பு 2 கிலோ. வற்றிய பிறகும் அதே 2 கிலோ. இப்போது அது மொத்தத்தில் 8 சதவீதம். 2 கிலோ 8 சதவீதம் என்றால் மொத்தம் 25 கிலோ. 40 போய் 25 ஆனது, ஆக ஆவியானது 15.

ஒரு படிக் கணக்கில் இதன் அருமை தெரியாது. என்னை மாற வைத்தது பல படிக் கணக்குகள்தான். 4 சதவீதக் கரைசல் 50 கிலோ; வெயிலில் வற்றி 10 சதவீதம் ஆகிறது; அப்புறம் தண்ணீர் ஊற்றி 5 சதவீதம் ஆக்குகிறோம். எவ்வளவு வற்றியது, எவ்வளவு ஊற்றினோம்? அலிகேஷனில் இதற்கு இரண்டு குறுக்குக்கோடு வேண்டும், ஒன்று பின்னோக்கி, ஒன்று முன்னோக்கி. முதல் விடையில் பிழை வந்தால் அது இரண்டாவதையும் சேர்த்துக் கெடுக்கும். உப்பைப் பிடித்தால் 2 கிலோ என்று ஓரத்தில் எழுதி வட்டம் போட்டுக்கொள்ளலாம். 10 சதவீதத்தில் மொத்தம் 20. 5 சதவீதத்தில் மொத்தம் 40. ஆகவே வற்றியது 30, ஊற்றியது 20. ஒவ்வொரு மொத்தத்தையும் நேராக அந்த 2 கிலோவிலிருந்தே எடுப்பதால் ஒரு படியில் தவறினாலும் அடுத்த மொத்தம் கெடாது. சரிபார்க்கவும் வசதி: 50இல் தொடங்கி 40இல் முடிந்தது, நிகரமாக 10 கிலோ குறைவு, 30இல் 20 போனால் 10.

இன்னொரு லாபம் எனக்கே பிறகுதான் உறைத்தது. சதவீதம் எவ்வளவு ஏறுகிறது என்பதை வைத்து எவ்வளவு தண்ணீர் போனது என்று சொல்லவே முடியாது. மருமகனின் அப்பா வழித் தாத்தா ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். (1986 வரை தூத்துக்குடியும் திருநெல்வேலி மாவட்டம்தான் என்பதால் அதையும் எங்கள் ஊர்க் கணக்கிலேயே சேர்க்கிறேன்.) அவனுக்குப் பழகிய இடம் என்பதால் பாத்தியை வைத்தே போட்டுப் பார்த்தோம்.

கடல் தண்ணீரில் எல்லா உப்புகளும் சேர்த்துச் சுமார் 3.5 சதவீதம். 1000 கிலோ கடல் தண்ணீரில் 35 கிலோ. அது 7 சதவீதம் ஆகும்போது மொத்தம் 500 கிலோ. 14 சதவீதத்தில் 250. 25 சதவீதத்தில் 140. இதைப் படித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். முதலில் சதவீதம் மூன்றரைதான் ஏறியது, அதற்கு 500 கிலோ தண்ணீர் போக வேண்டியிருந்தது. கடைசியில் 14இலிருந்து 25க்குப் பதினொன்று ஏறியது, அதற்கு 110 கிலோ போதும். மொத்தம் 860 கிலோவில் பாதிக்கு மேல் முதல் இரட்டிப்பிலேயே ஆவியாகிவிட்டது. கடல் தண்ணீரைவிட உப்புக் கூடிய கிணற்று நீரை இறைத்துப் பாத்தியில் விட்டால் ஏன் அவ்வளவு லாபம் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. 7 சதவீதத் தண்ணீர் கிடைத்தால், 35 கிலோ உப்புக்கு 1000 கிலோவுக்குப் பதில் 500 கிலோதான் இறைக்க வேண்டும். வெயிலின் பாதி வேலையை பூமியே செய்துவிட்டது.

ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். கடல் தண்ணீர் வற்றும்போது சாப்பாட்டு உப்புக்கு முன்னாலேயே ஜிப்சம் கீழே படியத் தொடங்கிவிடும். அதனால் அந்த 35 கிலோ முழுவதும் கடைசி வரை கரைசலில் நிற்பதில்லை. மேலே போட்டது கிட்டத்தட்டக் கணக்கு.

உப்பைப் பிடி என்பதை மந்திரமாக மனப்பாடம் செய்தாலும் மாட்டிக்கொள்வோம். எது மாறவில்லை என்று பார்ப்பதுதான் வழி, அது எப்போதும் உப்பாக இருக்காது. அதே 40 கிலோ 5 சதவீதக் கரைசலில் உப்புப் போட்டு 10 சதவீதம் ஆக்கச் சொன்னால் மாறாமல் நிற்பது தண்ணீர், 38 கிலோ. அது இப்போது 90 சதவீதம். மொத்தம் 42.22, சேர்த்த உப்பு சுமார் 2.22 கிலோ. மருமகன் 2 கிலோ என்று சொன்னான். போட்ட உப்பும் எடையில் சேரும் என்பதை மறந்துவிட்டான்.

அப்புறம் வற்றியதா, கொட்டியதா என்று கேள்வியை நிறுத்திப் படிக்க வேண்டும். 10 கிலோ கரைசலைக் கொட்டிவிட்டு 10 கிலோ தண்ணீர் ஊற்றினால் உப்பில் கால்பங்கு கரைசலோடு போய்விடும்: 2 கிலோ 1.5 ஆகும், 3.75 சதவீதம். கொட்டுவதும் ஊற்றுவதும் ஐந்தாறு தடவை திரும்பத் திரும்ப வந்தால் நான் இன்னும் சூத்திரத்தைத்தான் தேடுகிறேன். அங்கே என் வழி சிறந்தது என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

லிட்டர் பற்றியும் ஒரு வார்த்தை. கிலோவில் எல்லாம் சுத்தமாகக் கூடும், கழியும். ஒரு லிட்டர் தண்ணீரில் உப்பைக் கரைத்தால் கன அளவு அதே நேர்த்தியோடு கூடாது. தேர்வுக் கணக்கில் லிட்டர் என்று கொடுத்தால் கண்டுகொள்ளாமல் போடுங்கள், அடுப்படியில் போட்டுப் பார்ப்பதென்றால் தராசை எடுங்கள்.

நாங்கள் போட்டுப் பார்த்தோம். 950 கிராம் தண்ணீர், 50 கிராம் உப்பு, மொத்தம் 1000, அதாவது 5 சதவீதம். தீயைக் குறைத்தே வைத்தோம். தளதளவென்று கொதித்தால் தெறிக்கும் துளியோடு உப்பும் போகும், பிடித்து வைத்த எண் அங்கேயே கை நழுவிவிடும். 500 கிராமுக்கு வந்தபோது 10 சதவீதம் என்று எழுதிக்கொண்டோம். மருமகனுக்கு அதோடு விட மனமில்லை. "150 வரைக்கும் வத்த வைப்போம் மாமா. 33 சதவீதம் வரும்லா?"

காகிதத்தில் வரும். சட்டியில் வராது. 150 கிராமில் தண்ணீர் 100 கிராம்தான். அறை வெப்பத்தில் 100 கிராம் தண்ணீர் சுமார் 36 கிராம் உப்பைத்தான் கரைத்து வைத்திருக்கும். 50இல் 36 போக மீதி 14 கிராம் கீழே உட்கார வேண்டும். மேலே நிற்கும் கரைசல் 136 கிராம், அதில் உப்பு 36, ஆக சுமார் 26.5 சதவீதம். அதற்கு மேல் எவ்வளவு வற்ற வைத்தாலும் கரைசலின் சதவீதம் ஏறாது, அடியில் உப்புதான் கூடும். சாதாரண உப்புக் கணக்கில் விடை 26, 27ஐத் தாண்டினால் கேள்வி எழுதியவர் அடுப்பைப் பார்க்காமல் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். தேர்வில் அதற்காக விடையை மாற்றிவிடாதீர்கள், அவர்கள் எதிர்பார்ப்பது 33தான்.

ஆறிய சட்டியைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மருமகன் கேட்டான். "அப்போ உப்பும் மாறிருச்சுல்லா மாமா? கரைஞ்சிருக்கிறது 36தானே?"

கரைந்தது மாறியது, சட்டியில் இருக்கும் மொத்த உப்பு மாறவில்லை என்றேன். அவன் நம்பவில்லை. 850 கிராம் தண்ணீரைத் திரும்ப ஊற்றிக் கலக்கினான். அடியில் இருந்த வெள்ளையெல்லாம் கரைந்தது. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, நோட்டில் 10.9ஐ அடித்து 15 என்று எழுதினான்.